பிரியாணிக்குப் பின் என்ன இனிப்பு?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். மட்டன் பிரியாணி, தால்சா, சிக்கன் 65. கடைசியில் பிரெட் அல்வாவா, குலாப் ஜாமூனா? இரண்டும் வைத்தால்தான் கௌரவம் என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: கௌரவம் இருக்கட்டும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஜாமூன் எண்ணெயில் பொரித்து, பாகில் ஊறியது. பிரெட் அல்வா நெய்யில் வறுத்து, பாலில் வெந்து, மறுபடி நெய் குடித்தது. ஆட்டுக்கொழுப்புக்கும் நெய்க்கும் மேலே இவையா? ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணியோடு பிரெட் அல்வா உண்டுதான். ஆனால் அங்கே அது ஒரு கரண்டி. கிண்ணம் நிறைய அல்ல.

உங்கள் பந்திக்கு இளநீர்க் கடல்பாசி வையுங்கள். பொடியாக இல்லாமல் இழையாக விற்கும் கடல்பாசி 10 கிராம் வாங்கி, 400 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் கொதிக்க விடுங்கள். கரண்டியில் மொண்டு பார்த்தால் ஒரு இழைகூடத் தெரியக்கூடாது. அவசரப்பட்டு இறக்கினால் அடியில் ரப்பராகவும் மேலே தண்ணீராகவும் நிற்கும். கரைந்ததும் 100 கிராம் சர்க்கரை, சிட்டிகை உப்பு போட்டு அடுப்பை அணைத்து, வடிகட்டி, 600 மில்லி இளநீரைக் கலந்துவிடுங்கள். இளநீரைக் கொதிக்க வைத்தால் அதன் வாசனை போய்விடும். அதற்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிவிடாதீர்கள். கடல்பாசி அந்த இடத்திலேயே திட்டுத் திட்டாக உறைந்துவிடும். வெளியில் வைத்த இளநீரே சரி. தட்டில் வழுக்கையைப் பரப்பி, மேலே ஊற்றுங்கள்.

வேலூர் வெயிலிலும் இது வெளியிலேயே உறையும், உருகாது. ஜெலட்டின் அப்படியில்லை. அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது என்பதால், விருந்தினரில் சிலர் தொடவும் மாட்டார்கள். கடல்பாசியை அன்று காலையிலேயே செய்யுங்கள். முந்தின நாளே செய்து துண்டு போட்டால் நீர் விட்டுவிடும்.

சாப்பிட்டுக் கை கழுவியவுடனே ஜில்லென்று நீட்டாதீர்கள். ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறைகிற சங்கதி. அண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது ஐஸ் போன்ற எதைத் தின்றாலும் வாயில் மெழுகு பூசினாற்போல் ஆகும். இனிப்பின் ருசியே தெரியாது. முதலில் எலுமிச்சை பிழிந்த சுலைமானி, சூடாக அரை டம்ளர். கால் மணி நேரம் கல்யாணப் பேச்சு ஓடட்டும். அதன்பின் ஆளுக்கு இரண்டு துண்டு.

உங்கள் கணவருக்கு மட்டும் தனியாக நாலு ஜாமூன் வாங்கி வைத்துவிடுங்கள்.