மிலிட்டரி போலீஸின் வேலை பாலத்தடியில்தான் தெரியும்

கேள்வி: சண்டை நடக்கிற இடத்துக்குப் பின்னால் மிலிட்டரி போலீஸ் என்னதான் செய்கிறார்கள்? முடி வெட்டியிருக்கிறதா, தொப்பி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. நீங்கள் கன்டோன்மென்ட் வாசலில் நிற்கும் சிவப்புத் தொப்பிக்காரரை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அமைதிக் காலத்தில் கண்ணில் படுவது அவ்வளவுதான். போர்க்காலத்தில் அதே ஆள் எங்கே நிற்பார் என்று தெரிந்துகொள்ள, ஆற்றின் மேல் போட்ட ஒரு மிதவைப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு பாலம், ஒரு வண்டி போகும் அகலம். முன்னணிக்குப் போவதும் அங்கிருந்து திரும்புவதும் இதன் வழியாகத்தான். போக்குவரத்து, ஒழுங்கு, கைதிகள் என்ற மூன்று வேலையும் இங்கே ஒன்றோடொன்று மோதும். எல்லா நாட்டு ராணுவமும் இதே எண்களில் இயங்குவதில்லை. கீழே வருவது கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஓர் உதாரணம். “எங்கள் ரெஜிமென்டில் இப்படி இல்லை” என்று பின்னூட்டம் எழுத வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

நூறு லாரி கொண்ட ஒரு கான்வாய் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வண்டிக்கு வண்டி, முகப்பிலிருந்து முகப்புக்கு 60 மீட்டர். நிமிஷத்துக்கு 400 மீட்டர் நகர்கிறது என்றால், ஓர் இடத்தை முழு கான்வாயும் கடக்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். மிதவைப் பாலத்தில் அந்த வேகம் கூடாது. மணிக்கு 10 கிலோமீட்டர், 40 மீட்டர் இடைவெளி என்று வைத்தால், அதே நூறு வண்டி பாலத்தில் ஏறி முடிக்க 24 நிமிஷம். கடைசி வண்டி பாலத்தடிக்கு வரும்போது சுமார் 62 வண்டிதான் ஏறியிருக்கும். மீதி 38 வண்டியும் கரையில் நெருக்கியடித்து நிற்கும். பதினைந்து மீட்டருக்கு ஒன்று என்றாலும் அது அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் வரிசை. எதிரியின் பீரங்கிக்கும் விமானத்துக்கும் இதைவிட வசதியான இலக்கு கிடைக்காது. யாரும் தவறு செய்யவில்லை, எந்த வண்டியும் கெட்டுப்போகவில்லை. வேகம் மாறிய ஒரே காரணத்தால் வந்த வரிசை இது. இரண்டு கான்வாய்களுக்கு நடுவே ஐந்து நிமிஷ இடைவெளி போதும் என்று அட்டவணை போட்டவர் பாலத்தை மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

அதனால் பாலத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே சாலையை விட்டு விலகி ஒரு காத்திருப்பு இடம் பார்க்கிறார்கள். மரநிழல் வேண்டும், லாரி புதையாத தரை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒரே வாசல் இருந்தால் நெரிசல் பாலத்திலிருந்து வயலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அங்கிருந்து இருபது இருபத்தைந்து வண்டியாகக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கான்வாயின் முதல் வண்டியில் நீலக் கொடி, கடைசி வண்டியில் பச்சைக் கொடி கட்டுவது பல ராணுவங்களில் வழக்கம். இருட்டில் கொடி தெரியாது. எண்ணிக்கையும் நம்பத்தக்கதல்ல, விளக்கில்லாமல் வரும் வண்டிகளை எண்ணும்போது இருபத்திரண்டு இருபத்துமூன்றாகும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் கடைசி வண்டியின் பதிவெண்ணைப் போனில் அக்கரைக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் கண்ணெதிரே இறங்கிய பிறகுதான் அக்கரைப் போஸ்ட் எதிர்த்திசையைத் திறக்கும். வால் போல ஓர் அந்நிய ஜீப் ஒட்டிக்கொண்டு வந்தால் இங்கேதான் பிடிபடும்.

பாலத்தின் வாசலில் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் இருக்கும். அது பாலத்தின் தாங்குதிறன் வகுப்பு. வண்டியின் முகப்பிலும் அதேபோல் ஓர் எண் இருக்கும். வண்டி எண் பாலத்து எண்ணைத் தாண்டக் கூடாது. டாங்கைச் சுமந்த டிரெய்லர் என்றால் இரண்டுக்கும் சேர்த்த எண்ணைப் பார்க்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணை மட்டும் படித்துவிட்டு விடுவது புது ஆள் செய்யும் பிழை.

நெரிசல் பெரும்பாலும் ஆரம்பிப்பது பாலத்தில் ஏறும் இடத்தில் இல்லை, இறங்கும் இடத்தில். டிரைவர் கரையேறியதும் “அப்பாடா” என்று பிரேக்கில் கால் வைப்பார். தார்ப்பாய் அவிழ்ந்திருக்கும், வழி கேட்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் பின்னால் வரும் சிநேகிதனுக்காக நிற்பார். அவருக்குப் பின்னால் ஆறு வண்டி பாலத்தின் மேலேயே நிற்கும். அதனால் அக்கரையில் முதல் ஐந்நூறு மீட்டருக்கு எதுவும் நிற்கக் கூடாது என்று ஆள் போட்டு விரட்டுவார்கள். வழிகாட்டிப் பலகையையும் அந்த ஐந்நூறு மீட்டருக்கு அப்பால்தான் நடுவார்கள், ஏனென்றால் பலகையைப் படிக்க டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கெட்டுப்போன வண்டிக்கு இரு கரையிலும் இழுவை வண்டி காத்திருக்கும். சில நிமிஷத்தில் கிளம்பாவிட்டால் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது என்ற விசாரணை பிறகு.

இங்கேதான் ஒழுங்கு என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது. போஸ்டில் நிற்பவர் நாயக் என்ற சிறிய பதவிக்காரராக இருக்கலாம். வரும் ஜீப்பில் கர்னல் இருக்கலாம், அவசரமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எது முதலில் போக வேண்டும் என்ற வரிசை மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்திருக்கும். வெடிமருந்து முன்னே என்றால் கர்னல் பின்னேதான். நாயக் சல்யூட் அடித்துவிட்டு நிறுத்துவார். அந்த நேரத்தில் அவர் வாயில் வருவது அந்தக் கட்டளையைப் போட்டவரின் அதிகாரம். இதைப் புரிந்துகொள்ளாத அதிகாரி ஒருவர் வரிசையை வெட்டிப் புகுந்தால் அவரைப் பார்த்து நாலு பேர் புகுவார்கள், அத்தோடு அட்டவணை செத்தது.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்ஸில் அமெரிக்கர்கள் நடத்திய ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரிச் சரக்குப் போக்குவரத்து இதன் பெரிய உருவம். இரண்டு சாலைகளை ராணுவத்துக்கென்றே ஒதுக்கி, ஒன்றில் போக, மற்றதில் திரும்ப என்று வைத்தார்கள். விதிப்படி மணிக்கு 25 மைல், வண்டிக்கு வண்டி 60 கெஜம். சந்திப்புகளில் மிலிட்டரி போலீஸ். டிரைவர்களோ வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டுப் பறந்தார்கள். முன்னால் பெட்ரோலுக்குத் தவம் கிடக்கும் டாங்குகள் இருந்தபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் வேகம் கூடக்கூட விபத்தும் தேய்மானமும் கூடின. ஒருவழிச் சாலை என்ற ஏற்பாடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அது ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் கருத்து.

ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. இந்தப் படைப்பிரிவைப் பற்றி இணையத்தில் தேடினால் மோட்டார் சைக்கிளில் பிரமிடு கட்டும் வீடியோதான் வரிசையாக வருகிறது. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் இவர்களிடம் எதற்கு இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. நின்றுபோன கான்வாயின் ஓரமாகப் புகுந்து, அடைப்பு எங்கே என்று பார்த்துவர வேறு எந்த வண்டியாலும் முடியாது.

திரும்பி வருகிற பக்கத்துக்கு வருவோம். முன்னணியிலிருந்து தனியாகவும் இரண்டு மூன்று பேராகவும் நடந்து வரும் சிப்பாய்களும் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். காயச்சீட்டு கட்டியவர் நேரே மருத்துவப் பக்கம் போவார். கையில் எழுத்துக் கட்டளை இருப்பவரும் போகலாம். மற்றவரிடம் மூன்று விஷயம் கேட்பார்கள்: எந்த யூனிட், கடைசியாக எங்கே இருந்தாய், ஆயுதம் எங்கே. பெரும்பாலானோர் வழி தவறியவர்கள் அல்லது அதிர்ந்துபோனவர்கள். சூடாக ஏதாவது கொடுத்து, உட்காரவைத்து, யூனிட்வாரியாகச் சேர்த்து, அடுத்து முன்னே போகும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். “ஓடிவந்தவனைச் சுடாமல் சோறு போடுவதா” என்று கொதிப்பவர்கள் 1945-இல் ஜெர்மன் ராணுவம் செய்ததைப் படிக்கட்டும். யூனிட்டை விட்டுப் பிரிந்து வந்தவர்களை அவசர ராணுவ நீதிமன்றம் வைத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். போர்முனை அதனால் நிற்கவில்லை. இதைவிட முக்கியம், வந்தவர்களின் யூனிட்டை மணிவாரியாகக் குறித்து மேலே அனுப்புவது. பத்து யூனிட்டிலிருந்து பத்துப் பேர் வந்தால் அது வழக்கம். ஒரே பட்டாலியனிலிருந்து ஒரு மணியில் முப்பது பேர் வந்தால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது. வயர்லெஸ்ஸில் அந்தச் செய்தி வருவதற்குள் பாலத்துப் போஸ்டுக்குத் தெரிந்துவிடும்.

கைதிகளுக்கென்று தனி வண்டி யாரும் ஒதுக்குவதில்லை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிதான் அவர்களின் வண்டி. அப்படியானால் பாலத்தடியிலேயே கைதிகளை வைத்திருக்கலாமே என்று தோன்றும். கூடாது. பாலம் எதிரியின் இலக்கு. அனுப்பக் காத்திருக்கும் கைதியை வீணாக ஆபத்தில் வைக்கக் கூடாது என்று 1949 ஜெனீவா மூன்றாம் உடன்படிக்கையின் 19-ஆவது விதி சொல்கிறது. அதனால் அக்கரையில், பாலத்தை விட்டு விலகி, காலி லாரிகள் வந்து சேரும் இடத்தருகே, வெடிமருந்துக் குவியலிலிருந்தும் விலகி, ஒரு சேகரிப்பு இடம்.

அங்கே நடப்பதில் மிக எளிதாகக் கெடுவது சீட்டு. பிடிபட்ட நேரம், இடம், பிடித்த யூனிட், சூழ்நிலை எல்லாம் எழுதி, ஒரு துண்டைக் கைதியின் மேல் கட்டுவார்கள், ஒன்று பிடித்த யூனிட்டுக்கு, இன்னொன்று அவரிடம் எடுத்த பொருள் மூட்டைக்கு. அவர் பையில் இருந்த வரைபடம் சீட்டில்லாமல் தனியே போனால், அது யாருடையது, எங்கே பிடித்தது என்று தெரியாது. விசாரிப்பவருக்கு அது வெறும் காகிதம். மழையில் மை கரைவதும், பொருள் மூட்டை வேறு லாரியில் ஏறுவதும் அன்றாடம் நடப்பவை.

அடுத்த கெடுதல் ஞாபகார்த்தப் பொருள். கைதியின் பேட்ஜும் மெடலும் கழற்றிப் பைக்குள் போட நம் ஆட்களுக்குக் கை அரிக்கும். 18-ஆவது விதிப்படி பதவிச் சின்னம், நாட்டுச் சின்னம், பதக்கம் எதையும் எடுக்கக் கூடாது. தலைக்கவசமும் வாயு முகமூடியும் அவரிடமே இருக்க வேண்டும். பணத்தை ஓர் அதிகாரியின் உத்தரவோடு, ரசீது கொடுத்துத்தான் வாங்கலாம். இது வெறும் கருணை இல்லை. பதவிச் சின்னத்தைப் பிய்த்துவிட்டால் அதிகாரி யார், சிப்பாய் யார் என்று பிரிக்க முடியாது. பிரிக்காவிட்டால் அதிகாரி பின்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொடுப்பார். பேசவிடாமல் பிரித்துவைப்பதும் அதற்காகத்தான்.

லாரியில் ஏற்றும்போது காவலர் கைதிகளோடு பின்பக்கம் உட்காரக் கூடாது. நெருக்கத்தில் துப்பாக்கி நீட்டவும் இடமிருக்காது, பிடுங்குவது சுலபம். பின்னால் வரும் வண்டியிலிருந்து பார்ப்பதே சரி. லாரி பாலத்தருகே நின்றால்தான் குதிக்கத் தோன்றும், ஆகவே கைதி லாரிக்கு வழி திறந்த பிறகே கிளப்புவார்கள். யாராவது ஓடினால் சுடுவது கடைசி வழி, அதற்கு முன் எச்சரிக்கை கட்டாயம் என்கிறது 42-ஆவது விதி. ஏற்றும் இடத்தில் தலை எண்ணி ஒரு கையெழுத்து, இறக்கும் இடத்தில் எண்ணி இன்னொன்று. இரண்டு எண்ணும் ஒத்துப்போகும்வரை, முன்னே எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அந்த லாரியை அடுத்த சரக்குக்கு விடமாட்டார்கள்.