மெயிலில் ‘ரிஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலை கேட்டு மெயில் போடுகிறேன். ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ், அனுபவம் மூன்றையும் நாலைந்து வரியில் எப்படி எழுதுவது?

நீங்கள் சிபிடி என்ற கணினித் தேர்வை எழுதி முடித்து, இங்கிலாந்துக்குத்தான் அனுப்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பாதை அதுதான்.

அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு என்எம்சி. என் முதல் மெயிலில் ‘நான் என்எம்சி ரிஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று எழுதினேன். பொய் சொல்லும் எண்ணமே இல்லை. சிபிடி பாஸ், ஆங்கிலத் தேர்வான ஓஇடியும் பாஸ், அப்புறம் என்ன, பதிவு ஆன மாதிரிதானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, இரண்டே வரி: ‘பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை. உங்கள் பின் எண்ணை அனுப்பவும்.’ பின் எண் என்றால் பதிவானதும் என்எம்சி தரும் பதிவு எண். என்எம்சி பதிவேடு இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடியது. என் பெயரை நானே அடித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வராதுதான், நான் இன்னும் ஓஸ்கி என்ற அடுத்த தேர்வையே எழுதவில்லையே. விளக்கம் எழுதி அனுப்பினேன், அதற்குப் பதில் வரவேயில்லை. அந்த வேலை போச்சு.

சிபிடி என்பது கணினியில் எழுதும் முதல் பாதி. ஓஸ்கி இரண்டாம் பாதி, நேரில் செய்து காட்டும் தேர்வு. பொதுவாக அங்கே போய் வேலையில் சேர்ந்து, 12 வாரத்துக்குள் முதல்முறை எழுத வேண்டும். அதில் தேறி, மற்ற சரிபார்ப்பும் முடிந்தால்தான் பின் எண் வரும். அதுவரை அங்கே நாம் நர்ஸ் கிடையாது, சம்பளமும் பொறுப்பும் ஒரு படி கீழேதான். அங்கே லைசென்ஸ் என்று தனியாக ஒன்று இல்லை, பதிவேட்டில் பெயர் இருப்பதுதான் லைசென்ஸ். ‘ரிஜிஸ்டர்டு நர்ஸ்’ என்பது அங்கே சட்டம் காக்கும் பட்டம், ஏமாற்றும் நோக்கத்தோடு போட்டுக்கொண்டால் குற்றம். நம் ஊரில் ஆர்என் எண் வந்த அன்றே அப்படிச் சொல்லிக்கொள்கிறோம், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. துபாய்க்கு என்றாலும் இதே கதைதான்: கையில் இருப்பது எலிஜிபிலிட்டி லெட்டர், வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரி அதை ஆக்டிவேட் செய்த பிறகுதான் லைசென்ஸ்.

இரண்டாவது முறை நான் எழுதியதன் சாரம் இது. ஆங்கிலத்தில் இதையே எழுதுங்கள்:

‘பி.எஸ்ஸி நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் 2015 முதல் பதிவில் இருக்கிறேன். என்எம்சிக்கான சிபிடியில் 2022 ஜனவரியில் தேறினேன். ஓஇடியில் எழுத்தில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி. ஓஸ்கி இன்னும் எழுதவில்லை, பின் எண் இல்லை. 12 படுக்கை ஐசியூவில் ஐந்து வருடம், ஒரு ஷிஃப்டில் வென்டிலேட்டரில் உள்ள இரண்டு நோயாளிகளைப் பார்க்கிறேன். நோட்டீஸ் இரண்டு மாதம்.’

இவ்வளவுதான். ‘பின் எண் இல்லை’ என்று நாமே சொல்வது பலவீனம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிப்பவருக்கு வேண்டியது அதுதான்: இவளை எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம், ஓஸ்கிக்கு நாம் தயார் செய்ய வேண்டுமா. சிபிடி தேதியைப் போடுவதும் அதனால்தான், அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அனுபவத்திலும் அப்படியே. ‘கிரிட்டிக்கல் கேரில் திறமை வாய்ந்தவள்’ என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். படுக்கை எத்தனை, உங்கள் கையில் நோயாளி எத்தனை பேர் என்பதை நீங்கள்தான் எழுத முடியும். இன்டர்வியூவில் என்னிடம் கேட்டதும் அந்த இரண்டு நோயாளிகளைப் பற்றித்தான்.

ஏஜென்சி எல்லாம் பார்த்துக்கொள்ளும், இதெல்லாம் எதற்கு என்று கீழே யாராவது வருவீர்கள். பார்த்துக்கொள்ளட்டும். மெயிலில் இருப்பது உங்கள் பெயர்தான், அனுப்பும் முன் ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஐந்து வருட அனுபவத்தை நிரூபிக்க ஒரு கடிதம் வாங்க, நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு நாலு மாதம் நடந்தேன். சேரும்போதே பாண்டு என்று சொல்லி என் ஒரிஜினல் டிகிரியை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கொடுத்த கடிதத்தில் ‘ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் இருந்தது, ஐசியூ என்ற சொல்லே இல்லை. கோவிட் சமயத்தில் பிபிஇ கிட்டோடு நான் நின்ற அத்தனை நைட் டியூட்டியும் அந்த ஐசியூவில்தான். திரும்பப் போய், வார்டு பெயரும் தேதியும் போட்டு எழுதித் தரும்வரை ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இன்னும் உங்கள் ஆஸ்பத்திரியில் வேலையில்தான் இருக்கிறீர்கள் என்றால், இந்தக் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிட்டு மெயிலை அனுப்புங்கள்.