90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றினால் உண்மையில் என்ன நடக்கிறது?

வெள்ளவத்தை, கணக்காளர்: அக்கா, எங்கள் கந்தோரில் 90 நாளுக்கு ஒருக்கா பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். நான் மாதத்தை மட்டும் மாற்றிப் போடுகிறேன். பிழையா?

பதில்: தம்பி, பிழை அந்த விதியில்தான், உங்களில் இல்லை. 90 நாளுக்கொருமுறை புதிதாக ஒன்றை யோசிக்கச் சொன்னால் எல்லோரும் பழையதிலேயே ஒரு துண்டை மாற்றுவார்கள். இதை வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 3 மாதத்துக்கொருமுறை கட்டாய மாற்றம் இருந்த 7,700க்கு மேற்பட்ட பழைய கணக்குகளை எடுத்து, ஒருவரின் முந்தைய பாஸ்வேர்ட் தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடியுமா என்று சோதித்தார்கள். 2010இல் வந்த அந்த ஆய்வின்படி 17 சதவீதக் கணக்குகளில் 5 தடவைகூடத் தேவைப்படவில்லை, அதாவது பல தடவை பிழையாக அடித்தால் கணக்கு பூட்டப்படும் என்ற ஏற்பாடு அங்கே காப்பாற்றாது.

நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். விடுப்பில் போன ஒருவர் தன் பாஸ்வேர்டை பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்: `Wella@Jan24`. அந்தப் பக்கத்து மேசைக்காரர் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு கட்டாய மாற்றங்கள் முடிந்து ஜூலையில் ஒரு நாள் இரவு, வெளியிலிருந்து `Wella@Apr24` என்று அடித்திருக்கிறார், சரிவரவில்லை, அடுத்ததாக `Wella@Jul24` என்று அடித்ததும் மின்னஞ்சல் திறந்துவிட்டது. பதிவேட்டில் இருந்தது ஒரு தோல்வி, உடனே ஒரு வெற்றி, அவ்வளவுதான். நேரமும் இடமும் வழக்கத்துக்கு மாறாக இருந்ததால்தான் எங்கள் கண்ணில் பட்டது.

மருதானை, நெட்வேர்க் படிக்கும் மாணவர்: ஆனால் திருட்டுப் போன பாஸ்வேர்ட் 90 நாளில் செல்லாமல் போய்விடும்தானே? அப்போ நல்லதுதானே அக்கா?

பதில்: பாதி சரி. சத்தமில்லாமல் மாதக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பவனுக்கு அது ஒரு தடைதான். ஆனால் திருடியவன் பெரும்பாலும் அன்றைக்கே உள்ளே வந்துவிடுவான், வந்ததும் உங்கள் கடிதங்களின் நகல் தனக்கு வரும்படி ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போனால், பாஸ்வேர்ட் மாறினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். அதனால் களவு போனதாகச் சந்தேகம் வந்தால் 90ஆம் நாள் வரை காத்திருக்காமல் அப்போதே மாற்ற வேண்டும், அப்புறம் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, அந்த அனுப்பும் விதிகளையும் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை: அப்ப அம்மாவின் ஏ.டி.எம். பின்னையும் மாற்றத் தேவையில்லையா? அவர் அதைத் துண்டில் எழுதி அட்டையோடயே வைத்திருக்கிறார்.

பதில்: நான் சொன்னது கால அட்டவணைப்படி மாற்றுவதைப் பற்றி, தங்கச்சி. அம்மாவின் துண்டை இன்றே பர்ஸிலிருந்து எடுங்கள், வேறு யாராவது பார்த்திருக்கலாம் என்று தோன்றினால் பின்னையும் மாற்றுங்கள்.

கொள்ளுப்பிட்டி, சிஸ்டம் அட்மின்: அமெரிக்கத் தரநிலை நிறுவனமான NIST சொன்னபடி, பாஸ்வேர்ட் எத்தனை நாள் செல்லும் என்ற `Maximum password age` அமைப்பை 0 ஆக்கிவிட்டேன். இனி வேலை முடிந்ததா?

பதில்: 0 என்றால் காலாவதியே இல்லை, அது சரி. ஆனால் அதை மட்டும் செய்தால் அந்த வழிகாட்டலில் பாதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். NIST 2017இல் காரணமின்றி மாற்றச் சொல்வது கூடாது என்று ஆலோசனையாகச் சொன்னது, 2025இல் வந்த நான்காம் திருத்தத்தில் அதையே தடையாக்கிவிட்டது. ஆனால் களவு போனதற்கு அறிகுறி இருந்தால் கட்டாயம் மாற்றவைக்க வேண்டும் என்றும், பாஸ்வேர்ட் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு கட்டாயம் என்ற விதியையும் கைவிடச் சொல்கிறது, ஏனென்றால் `Colombo@2025` அந்த விதியில் அழகாகத் தேறிவிடும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே கசிந்தவையும் உங்கள் நிறுவனப் பெயர் போல எளிதில் ஊகிக்கக்கூடியவையும் உள்ள ஒரு தடைப்பட்டியலோடு புதிய பாஸ்வேர்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தடைப்பட்டியல், பாஸ்வேர்டுக்கு மேலே போனுக்கு வரும் இலக்கம் போன்ற இரண்டாம் காரணி, வழக்கத்துக்கு மாறான உள்நுழைவைக் காட்டும் எச்சரிக்கை ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த 0ஐ நான் போடுவேன், அதற்கு முன்னால் போடமாட்டேன்.

அதே அட்மின்: ஓடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் அக்கா, வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரம் வைத்திருக்கிறோம்.

பதில்: அட்டைத் துறையின் பாதுகாப்பு விதித்தொகுப்பான PCI DSSஇன் 4ஆம் பதிப்பைத் திறந்து அவரோடேயே வாசியுங்கள். அதில் 90 நாள் வருவது பாஸ்வேர்ட் மட்டுமே காவலாக இருக்கும் இடத்துக்குத்தான், அங்கேயும் கணக்கின் நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்து அணுகலைத் தீர்மானிப்பது ஒரு மாற்று வழி. இரண்டாம் காரணி போட்ட கணக்குகளை முதலில் பிரித்துக் காட்டுங்கள், அந்தக் கணக்குகளுக்காவது அவரோடு பேசிப் பார்க்கலாம். பல பேர் பகிரும் பழைய கணக்குகளுக்கு என்னிடமும் நல்ல வழி இல்லை, ஆள் வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.