மூன்று குதிரைகளுக்குப் பணத்தைப் பிரிப்பது எப்படி?

“பெங்களூரு பந்தயத்தில் மூன்று குதிரைகள்மேல் பணம் கட்டுகிறேன். எது ஜெயித்தாலும் ஒரே தொகை கிடைக்க எப்படிப் பிரிப்பது?”

இதற்கு டச்சிங் என்று பெயர். கைக்கு வரவேண்டிய தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். அதை ஒவ்வொரு குதிரையின் விலையாலும் வகுங்கள். விலை என்று நான் சொல்வது, ஒரு ரூபாய்க்குக் கட்டிய பணமும் சேர்ந்து திரும்பும் தொகை. பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒன்றுக்கு இரண்டு என்று எழுதியிருந்தால் விலை 3.

விலைகள் 3, 5, 6. வரவேண்டியது 3000 ரூபாய் என்போம். கட்ட வேண்டியவை 1000, 600, 500. மொத்தம் 2100, மூன்றில் எது வந்தாலும் 900 லாபம். நான்காவதாக ஒன்று முந்தினால் 2100-உம் போயிற்று. 2100-ஐ 3000-ஆல் வகுத்தால் 0.7. மூன்றில் ஒன்று ஜெயிக்க 70 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டென்று நீங்கள் நம்பாவிட்டால், பிரிப்பதில் பயனில்லை.

சிக்கல் புக்கிகளின் வரிசையில்தான். இரண்டு சீட்டு வாங்கி முடிப்பதற்குள் மூன்றாவதன் விலை 6-லிருந்து 4-க்கு இறங்கிவிடும். அப்போது அதற்கு 750 கட்ட வேண்டும். லாபம் 650-ஆகக் குறையும். அதனால் விலை வேகமாக இறங்கும் குதிரைக்கே முதலில் சீட்டு வாங்குவேன். சீட்டின்மேல் வரி பிடித்தால் அதையும் செலவில் சேருங்கள். எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும் டோட்டில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே இறுதி விலை பந்தயம் அடைத்த பிறகே தெரியும்.