அலையடிக்கும் கண்மாயும் அலையில்லாத கடலும்: தண்ணீர்ப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: ஆனி மாசம் தொண்டிக்குப் பக்கத்துல எடுத்ததாச் சொல்லி ஒரு படம் வந்துச்சு. ஒரு வள்ளம் நங்கூரத்துல நிக்குது, சுத்தி நட்டுவச்ச கம்புங்க. தண்ணில சின்னச் சின்ன அலைதான். எதிர்க்கரை தெரியல. நான் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்னு சொல்றேன், நண்பர் கடல்ங்கிறார். யார் சரி?

பதில்: நண்பர் சரி. ஆனால் அலையை வைத்து அவர் கடல் என்று சொல்லியிருந்தால், காரணம் தப்பு.

முதலில் அந்த அலையை அளந்து பார்ப்போம். நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். காற்றலையும் அதே திசையில்தான் ஓடும். ஆகவே படகின் பக்கவாட்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பது படத்தில் குறுகித் தெரிந்தாலும் படகும் அலையும் ஒரே அளவில்தான் குறுகும். (நீரோட்டம் இழுக்கிற இடத்தில் படகு காற்றை மதிக்காது, அங்கே இந்த வழி உதவாது.) உங்கள் படத்தில் படகு நீளத்துக்குள் ஏறக்குறைய இரண்டரை அலை அடங்குகிறது. வள்ளத்தை 8 மீட்டர் என்று வைத்தால் முகட்டுக்கு முகடு 3 மீட்டருக்குச் சற்று மேல். ஆழத் தண்ணீரில் ஓர் அலை கடக்க எடுக்கும் நொடிகளை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் வரும். அதைத் திருப்பிப் போட்டால் 3 மீட்டர் அலைக்கு ஒன்றரை நொடி கூட ஆகாது.

ஒன்றரை நொடி அலையை நல்ல காற்றடித்தால் கண்மாயும் கிளப்பும். தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. ஆனியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் அடிக்கிறது. கரையோரத்தில் அந்தக் காற்றுக்குக் கிடைக்கும் தண்ணீர் சில நூறு மீட்டர்தான். அதற்குள் அலை வளர இடமில்லை. உள்ளே போகப் போகத்தான் பெரிதாகும். அதனால் கரையிலிருந்து எடுத்த படத்தில் கடல் குளம் மாதிரிதான் தெரியும். நம் பக்கத்தில் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 8 நொடி, 10 நொடி நீள அலை தெரிந்தால் அது கடல், அந்த அலையை எந்தக் கண்மாயும் உண்டாக்காது. சின்ன அலை தெரிந்தால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

தீர்ப்பைத் தந்தது கம்புகள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஒரு முழம் அளவுக்குக் கம்பு ஈரமாக, கருத்து இருக்கிறது. அந்தக் கருப்புக்குள் வெள்ளையாகச் சொரசொரப்பான ஓடுகள் ஒட்டியிருக்கின்றன. எல்லாக் கம்பிலும் அந்தப் பட்டை ஒரே மட்டத்தில் முடிகிறது. தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும் தண்ணீர்தான் இப்படி எழுதும். கண்மாய்க் கம்பில் ஓடு ஒட்டாது. அங்கே தண்ணீர் மாதக்கணக்கில் இறங்கும். மெல்லிய சேற்றுக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காய்ந்து நிற்கும்.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகிற கண்மாய் ஆனியில் எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீரோடு கிடப்பது அபூர்வம். படம் எடுத்த மாதத்தை நம்பினால் அதிலேயே பாதி விடை இருந்தது.

கீழக்கரையிலிருந்து: வடகடல் அமைதி, தென்கடல் முரடுன்னு எல்லாரும் எழுதுறீங்க. பெண்கடல், ஆண்கடல்னு பேரும் வச்சாச்சு. மார்கழியில வந்து பாருங்க, எங்க தென்கடல்தான் சும்மா கிடக்கும். வடகடல்ல வள்ளம் இறக்க முடியாது.

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி அண்ணே. வாடை அடிக்கும்போது பாக் நீரிணை கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாக் கரை நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். பெயர்கள் கச்சான், சோளகக் காலத்துக்குத்தான் பொருந்தும்.

ஆனாலும் அடங்கியிருக்கும் இரண்டு கடலும் ஒன்றல்ல. பாக் நீரிணைக்கு இலங்கையும் ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் அடைப்பு. தெற்கிலிருந்து வரும் நீள அலை உள்ளே வருவது குறைவு. காற்று நின்றால் அங்கே தண்ணீரும் நின்றுவிடும். தென்கடலில் காற்றே இல்லாத காலையிலும் பத்து நொடிக்கு ஒருதரமோ என்னவோ கரையோரத் தண்ணீர் மணலில் ஏறி, நிதானமாக வழிந்து திரும்பும். ஒற்றைப் படத்தில், மேற்பரப்பு மழமழவென்று இருக்க, விளிம்பில் மட்டும் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நீளமாக ஓடியிருக்கும். கண்மாய் அலை கரையில் ‘சளக் சளக்’ என்று விடாமல் அடிக்கும். இந்த இடைவெளி அதற்குக் கிடையாது. முடிந்தால் படத்துக்குப் பதில் இரண்டு நிமிட வீடியோ கேளுங்கள், பத்து அலையை எண்ணிவிடலாம்.

அதே கீழக்கரை வாசகர்: தீவுக்குப் பின்னாடி அதுவும் வராது தம்பி.

பதில்: ஆமாம். தீவும் பவளப் பாரும் மறைக்கிற இடத்தில் அலையை விட்டுவிட்டுக் கரையைத்தான் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: சார், நுரை இருந்தா கடல்னு எடுத்துக்கலாமா? உப்புத் தண்ணிலதான் நுரை நிக்கும்னு படிச்சேன்.

பதில்: பாதி சரி. உப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. பொடியாகவே இருக்கும், மேலே வர நேரமாகும். அதனால் உடைந்த அலைக்குப் பின்னால் பால் ஊற்றினாற்போல் வெள்ளை சில நொடி நிற்கும். நல்ல தண்ணீரில் அது சட்டென்று மறையும். அந்த வெள்ளையைச் சின்னச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கரையில் ஒதுங்கிய நுரை வேறு கதை. அழுகிய இலை, பாசியிலிருந்து வரும் பசைதான் அதைக் கட்டிவைக்கிறது. காற்று ஒதுக்குகிற கண்மாய்க் கரையிலும் அது பழுப்பாக நாள் முழுக்கக் கிடக்கும்.

பாம்பனிலிருந்து: பாலத்துக்குக் கீழ எடுத்த படம். தூணைச் சுத்தித் தண்ணி சுழிச்சு ஓடுது, தூணுக்குப் பின்னாடி வி மாதிரி கோடு. ரெண்டு பக்கமும் கரை. வெளியூர் நண்பர் ‘பெரிய ஆறு’ன்னு அடிச்சுச் சொல்றார்.

பதில்: அவர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். தூணுக்குப் பின்னால் விரியும் கோடு, அக்கரை தெரிவது, கரைக்கு இணையாக ஓடும் நுரைக்கோடு, இவை மூன்றும் ஆற்றின் அடையாளங்கள்தான். பாம்பன் கால்வாயில் மூன்றும் உண்டு. இரண்டு கடலுக்கு நடுவே ஒரு இடுக்கு அது. இரு பக்கமும் தண்ணீர் மட்டம் கொஞ்சம் மாறினாலும் ஆறு மாதிரி பாயும்.

ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் கோடு எதிர்ப்பக்கம் விரியும், அதைக் காட்டி நண்பரை வாயடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எப்போதும் நடக்காது. கச்சான் காலத்தில் ஓட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. காற்று பலமான நாட்களில் ஏற்றவற்றத்தால் அதைத் திருப்ப முடியாமல் போகலாம். திரும்பினால் கடல் என்பது உறுதி. திரும்பாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

தூணிலேயே பாருங்கள். நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஓடுகள் அடை அடையாக ஒட்டி, மேல்விளிம்பு கோடு போட்டாற்போல் முடியும். ஆற்றுப் பாலத் தூணில் அந்த அடை இருக்காது. வெள்ளம் வந்துபோன சேற்றுக்கறை இருக்கும், முன்பக்கம் செத்தையும் கொம்பும் சிக்கியிருக்கும்.

சாயல்குடியிலிருந்து: எங்க தோட்டத்துக் கிணத்துத் தண்ணி ரெண்டு வருஷமா கரிக்குது. பக்கத்துல கண்மாய்தான் இருக்கு, கரையெல்லாம் உமிரி முளைச்சுக் கிடக்கு. படம் அனுப்பினா கடல் தண்ணி ஏறியிருக்கான்னு சொல்வீங்களா?

பதில்: அது படத்தில் தெரியாது ஐயா. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உமிரி பற்றிக் கேட்டது மட்டும் இங்கே பொருந்தும்: அது மண்ணில் உப்பு இருப்பதைச் சொல்லும், பக்கத்தில் கிடக்கும் தண்ணீர் கடலா என்பதைச் சொல்லாது. உப்பு பூத்த கண்மாய் ஓரத்திலும் அது செழிக்கும். உமிரியைப் பார்த்துக் கடற்கரை என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

பரமக்குடி, ஆசிரியை: தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இரண்டு படம். ஒன்று சித்திரங்குடி, ஒன்று காரங்காடு என்கிறார்கள். இரண்டும் அசையாத தண்ணீர். பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பதில்: மரத்தடியைக் காட்டுங்கள். சித்திரங்குடியில் நிற்பது கருவேல மரங்கள்; தண்ணீருக்குள் தண்டு மட்டும் இறங்கும். காரங்காட்டில் அலையாத்தி. வற்றின நேரத்துப் படமானால் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் வேர்கள் மேல்நோக்கி நிற்கும். இலைகளின் கீழ்விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்: ஏற்றத்தில் நனைகிற உயரத்தில், கத்தரித்தாற்போல் ஒரே மட்டமாக இருக்கும். ஏற்ற நேரத்துப் படமானால் வேர் மூழ்கிவிடும், அப்போது அந்த விளிம்பும் தண்ணீரைத் தொட்டுவிடும். இரண்டும் இல்லாத படத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், நமக்கே தடுமாறும்.

தேவிபட்டினத்திலிருந்து: ஆற்றங்கரை ஊர்ல வைகை கடல்ல சேர்ற இடத்துப் படம். மணல்திட்டு, ஒரு பக்கம் நிக்கிற தண்ணி, மறுபக்கம் சிற்றலை. ஆறு எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குது?

பதில்: நிற்கிற தண்ணீரின் ஓரத்தில் கருத்த கடல்தாழை வரிசையாக ஒதுங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடல் அதுவரை வந்து போகிறது. உங்கள் படத்தில் திட்டின் வெளிப்பக்கம் இரண்டு வரிசை தெரிகிறது. மேல்வரிசை காய்ந்தது, அநேகமாகப் போன அமாவாசையோ பௌர்ணமியோ விட்டுப்போனது. உள்பக்கம் ஒன்றுமில்லை. வாய் அடைத்து நாளாகியிருக்கலாம், அல்லது யாராவது தாழையை வாரிப் போயிருக்கலாம். வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவதால் உள்ளே கிடப்பது ஆறா, போன ஏற்றத்தில் மாட்டிய கடல் தண்ணீரா என்பதை இந்த ஒரு படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த அமாவாசையன்று, ஏற்றம் முழுசாக ஏறிய நேரத்தில், அதே இடத்தில் நின்று எடுத்து அனுப்புங்கள்.