மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கடவுச்சொல்லும் அச்சாகாத அவசரத் தாளும்

கேள்வி: வங்கி, காப்பீடு, வீட்டுக்கடன் என எங்கள் குடும்பத்தின் எல்லா விவரங்களையும் கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் 1Password செயலியில்தான் வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் நுழையத் தேவையான விவரங்கள் அடங்கிய அவசரத் தாளைப் பதிவிறக்கி அந்தச் செயலிக்குள்ளேயே சேமித்திருக்கிறேன். பாதுகாப்புக்காக முதன்மைக் கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதால் இதுவரை அச்சிடவில்லை. கடனுக்கு ஜாமீன் போட்ட மைத்துனர் தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று வற்புறுத்துகிறார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவி திண்டாடக்கூடாது. என்ன செய்வது?

பதில்: மைத்துனரைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் மனைவியை இன்று ஆபத்தில் வைத்திருப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் உங்கள் பழக்கம்தான். தயவுசெய்து அதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு முறை மாற்றுகிறீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தாளை எடுத்துத் திருத்தி எழுத ஒரு மாதம் தாமதமானால், பன்னிரண்டு மாதங்களில் நான்கு மாதங்கள் அந்தத் தாள் தவறான கடவுச்சொல்லையே சுமந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு நாள்களில் பயன்படாத தாளைக் குடும்பத்துக்கு விட்டுச் செல்வதும், தாளே இல்லாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் எதிர்பார்க்கும் பாதுகாப்பும் இதனால் கிடைப்பதில்லை. உங்கள் தரவின் பழைய நகல் ஒன்றும், பழைய கடவுச்சொல்லும், புதிய கணினியில் நுழையக் கடவுச்சொல்லோடு சேர்த்துத் தேவைப்படும் இரகசியச் சாவியும் ஒருவர் கையில் சிக்கியிருந்தால், நீங்கள் இன்று கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தப் பழைய நகல் திறக்கத்தான் செய்யும். காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும்படி கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறிவிட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் செயலியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, நீளமான கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அது கசிந்துவிட்டது என்ற ஐயம் எழுந்தால் மட்டும் மாற்றுங்கள்.

உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்றும் உண்டு. கடவுச்சொல்லை மாற்றினாலும், திரையில் Secret Key என்று காணப்படும் இரகசியச் சாவி மாறுவதில்லை. A3 என்று தொடங்கும் அந்த 34 எழுத்துகளும் எண்களும், நீங்களே புதிதாக உருவாக்கச் சொல்லும் வரை அப்படியே இருக்கும். ஆகையால் ஏற்கெனவே பதிவிறக்கிய தாளையே அச்சிடலாம். ஆனால், செயலிக்குள் மட்டும் கிடக்கும் அந்தத் தாள், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம். இந்தச் சாவி நிறுவனத்திடமும் கிடையாது; அவர்களிடம் தொலைபேசியில் கெஞ்சியும் உங்கள் மனைவி அதைப் பெற முடியாது.

அச்சிடும்போது அலுவலகத்தின் பொது அச்சுப்பொறியைத் தவிர்த்துவிடுங்கள். அச்சானதும், பதிவிறக்கக் கோப்புறையிலும் குப்பைத் தொட்டியிலும் கிடக்கும் கோப்பை நீக்கிவிடுங்கள். தாளில் உள்நுழைவு முகவரி, மின்னஞ்சல், இரகசியச் சாவி ஆகியவை அச்சாகியிருக்கும். கடவுச்சொல்லுக்கான இடம் மட்டும் வெற்றாக இருக்கும். அதைக் கணினியில் தட்டச்சு செய்யாமல் கையால், நீர் பட்டாலும் கரையாத மையால் எழுதுங்கள். என்னிடம் ஆலோசனை பெற்றுவரும் ஒரு குடும்பத்தில், கணவர் தாளைப் பொறுப்பாக எழுதி வைத்திருந்தார். ஆனால் சொற்களுக்கு நடுவே அவர் இட்ட சிறு கோடு இணைப்புக் குறியா, இடைவெளியைக் காட்டும் அடையாளமா என்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் அவர் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே கடவுச்சொல்லின் கீழே, 'ஐந்து சொற்கள், அனைத்தும் சிறிய எழுத்துகள், நடுவில் இணைப்புக் குறி, இடைவெளி கிடையாது' என்பதுபோல ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய தடை அடுத்த திரையில் காத்திருந்தது. சாவியும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும், கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருந்ததால், புதிய கணினி ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டது. அதைத் தரும் செயலியோ கணவரின் பூட்டிய கைபேசிக்குள் இருந்தது. நீங்களும் அதை இயக்கியிருந்தால், ஒருமுறை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்குங்கள். அப்போது திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை உங்கள் கைபேசியிலும் மனைவியின் கைபேசியிலும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்தால், இரண்டிலும் ஒரே எண்கள் வரும்.

பிறகு ஒரு மாலை நேரத்தில் மனைவியிடம் தாளை மட்டும் கொடுத்து, இந்தக் கணக்கு ஒருபோதும் திறக்கப்படாத ஒரு கணினியில், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் உள்நுழையச் சொல்லுங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். அவர் உங்களைக் கூப்பிட்டு எதைக் கேட்கிறாரோ, அதுதான் தாளில் விடுபட்டுள்ளது. ஆண்டுக்கொரு முறை, காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளில், இதைத் திரும்பச் செய்தால் போதும்.

முழுமையான தாள் என்பது கையில் இருக்கும் பணத்துக்குச் சமம். அதைப் புகைப்படம் எடுப்பதும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதும் கூடாது. ஒட்டிய உறையின் மீது குறுக்கே கையெழுத்திட்டு வீட்டின் பூட்டிய அலமாரியில் வைத்தால், யாரேனும் பிரித்திருந்தால் தெரிந்துவிடும். இன்னொரு பிரதியைத் தீ, வெள்ளம் கருதி வங்கி லாக்கரில் வைக்கலாம். ஆனால் அந்த லாக்கர் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், மிகவும் தேவைப்படும் வாரத்தில் மனைவியால் அதைத் திறக்க முடியாது. இருவர் பெயரிலும், எவரேனும் ஒருவர் திறக்கலாம் என்ற ஏற்பாட்டுடனும் இருக்கட்டும்.

இந்தத் தாளைக் கொண்டு என்னென்ன சொத்து, கடன், காப்பீடு உள்ளன என்பதை மனைவி அறிந்துகொள்ளலாம். உங்கள் மறைவுக்குப் பிறகு உங்கள் பெயரில் நுழைந்து பணத்தை மாற்றுவதற்கு அது அதிகாரம் தராது. அதற்கு வங்கியில் முறைப்படி உரிமை கோர வேண்டும், அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். தவணை பிடிக்கப்படும் கணக்கில் இரண்டு தவணைப் பணம் மட்டும் இருந்து, நடைமுறைகள் முடிய ஐந்து மாதங்கள் ஆனால், மூன்று தவணைகள் தவறும். 90 நாள் நிலுவையை வாராக்கடனின் அடையாளமாகக் கொள்வது வங்கிகளிடையே பரவலான வழக்கம் என்பதால், மூன்று தவணைகள் தவறினால் நிலைமை முற்றிவிடும். ஆறு தவணைகளுக்கான தொகையை இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் வைத்து, தவணை அதிலிருந்தே பிடிக்கப்படுமாறு மாற்றுங்கள்.

மறைவுக்குப் பின் கடவுச்சொற்களைக் குடும்பத்துக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லும் 'டிஜிட்டல் வாரிசு' சந்தா சேவைகள் இப்போது நிறைய விளம்பரமாகின்றன. நீங்கள் இருக்கும் காலமெல்லாம் அந்த நிறுவனமும் இருக்க வேண்டும், சந்தாவும் தவறக்கூடாது. ஒரு தாளும் ஓர் உறையும் செய்யும் வேலைக்கு மாதாமாதம் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மைத்துனரின் கவலை நியாயமானது, அவர் கேட்கும் பொருள்தான் தவறானது. ஜாமீன்தாரரின் பொறுப்பு அந்த ஒரு கடனோடு முடிந்துவிடுகிறது; இந்தத் தாளோ உங்கள் மின்னஞ்சல் முதல் மருத்துவ ஆவணம் வரை அனைத்தையும் திறந்துவிடும். கடன் கணக்கு எண், இன்றைய நிலுவை, தவணைத் தேதி, கடனுக்கு எடுத்த காப்பீட்டின் எண், வங்கிக் கிளையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நிலுவைத் தொகையை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதாகவும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் தாளையே கேட்டால், முடியாது என்ற பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். அதை மனைவி தன் அண்ணனிடமோ தம்பியிடமோ சொல்லும் நிலையை உண்டாக்காதீர்கள்.