அலாரம் அடித்த முதல் அரை நிமிஷம்: ஆபீஸ் ஃபயர் டிரில் வீடியோ ஸ்கிரிப்ட் பற்றிக் கேள்வி பதில்

எச்.ஆர்., எல்லிஸ் நகர்: சார், எங்க ஆபீஸ் மூணு மாடி, ரெண்டு படிக்கட்டு. எட்டு நிமிஷ வீடியோ ஒண்ணு இருக்கு, ஒருத்தரும் முழுசாப் பார்க்கிறதில்லை. புதுசா எழுதச் சொல்லிட்டாங்க. எங்கே ஆரம்பிக்கிறது?

எட்டு நிமிஷத்தை முதல்ல மூணு நிமிஷமாக்குங்க. சட்டப் பிரிவு, கம்பெனிக் கொள்கை, எம்.டி. வாழ்த்துரை எல்லாம் மெயில்ல போகட்டும். வீடியோவுக்கு ஒரே வேலைதான்: அலாரம் கேட்டதும் ஆளை நாற்காலியை விட்டு எழுப்பணும். ஆபீஸ்ல நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகுது. எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா மூணு மாடி இறங்குறதுக்கு அதிக நேரம் ஆகாது.

1968-ல லத்தானே, டார்லின்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள், ஆட்களை ஓர் அறையில உட்கார வெச்சு, உள்ளே புகையை விட்டுப் பார்த்தாங்க. தனியா இருந்தவங்கள்ல நாலுக்கு மூணு பேர் எழுந்து போய்ச் சொன்னாங்க. கண்டுக்காத மாதிரி நடிக்க ரெண்டு பேரைக் கூட உட்கார வெச்சப்போ, பத்துல ஒருத்தர்தான் சொன்னார். உங்க ஆபீஸ்லயும் அதுதான் நடக்கும். பக்கத்து மேசையைப் பார்ப்பாங்க, "டெஸ்டிங்கா இருக்கும்"னு யாராவது சொல்வாங்க, எல்லாரும் திரும்ப வேலையைப் பார்ப்பாங்க. அதனால ஸ்கிரிப்ட் அந்த இடத்துலயே தொடங்கட்டும். மாதிரிக்கு:

காட்சி: அக்கவுண்ட்ஸ் பிரிவு, மதியம். அலாரம். ஒரு அக்கா நிமிர்ந்து பக்கத்து சீட்டைப் பார்க்கிறார். அந்த சீட்டுக்காரர் இவரைப் பார்க்கிறார். மூணு விநாடி யாரும் அசையவில்லை.
குரல்: "இந்த மூணு விநாடியை நம்ம எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் எழுந்திருக்கட்டும்னு காத்திருக்கோம்."
காட்சி: அக்கா எழுகிறார். பக்கத்து சீட்டுக்காரரின் தோளைத் தட்டுகிறார்.
குரல்: "நீங்க முதல்ல எழுந்திருங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட 'வாங்க, போலாம்'னு சொல்லுங்க. டிபன் பாக்ஸ், பை, லேப்டாப் அங்கேயே இருக்கட்டும்."
காட்சி: கேமரா அவர் பின்னாலேயே போகிறது. ஜெராக்ஸ் மிஷின், தண்ணி கேன், பின்பக்கப் படிக்கட்டின் கதவு.
குரல்: "உங்க சீட்டுக்குக் கிட்ட இருக்கறது இந்தப் படிதான். லிஃப்ட் பக்கம் போக வேண்டாம். கடைசியா வர்றவர் கதவைச் சாத்திட்டு வாங்க."

கடைசிக் காட்சியை வெட்டாம, ஒரே ஓட்டமா எடுங்க. தினமும் எந்த வழியா வர்றோமோ அந்த வழியாத்தான் ஓடத் தோணும். பின்படியை ஒரு தடவைகூட மிதிக்காத ஆள் உங்க ஆபீஸ்லயே நிறையப் பேர் இருப்பாங்க. அவங்க சீட்டுலேர்ந்து கதவு வரைக்கும் வழியைக் கண்ணால பார்த்துட்டா போதும். மாடிக்கு ஒண்ணா மூணு தடவை எடுத்து, அந்தந்த மாடிக்கு அந்தந்த வீடியோவைக் காட்டுங்க. படம் பிடிக்கப் போறப்போ பின்படியில பழைய ஃபைல் கட்டும் உடைஞ்ச நாற்காலியும் கிடந்தா, எல்லாத்தையும் அகற்றிட்டு எடுங்க. படி பூட்டியிருந்தா ஷூட்டிங்கை நிறுத்திட்டு மேலிடத்துல பேசுங்க. ஸ்கிரிப்ட்டால பூட்டைத் திறக்க முடியாது.

வீடியோ எடிட்டர், அண்ணா நகர்: அண்ணே, போரடிக்காம இருக்கணும்னா ஆரம்பத்துலயே சைரன், நெருப்பு, படபடன்னு மியூசிக் போட்டா என்ன? மீனாட்சி கோயில் தீ விபத்து கிளிப்கூட இருக்கு.

வேண்டாம் தம்பி. 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபம் எரிஞ்சதை மதுரைக்காரங்க யாரும் மறக்கலை. அதைத் திரையில போட்டா மனசு அங்கே போயிடும், அடுத்து நீங்க சொல்ற படிக்கட்டு காதுல விழாது. சினிமா நெருப்புல இன்னொரு சிக்கலும் இருக்கு. நிஜத்துல முதல்ல வர்றது புகைதான். தழலைக் காட்டிப் பழக்கினா, தழலைப் பார்த்தாத்தான் கிளம்பணும்னு நினைச்சுக்குவாங்க.

மியூசிக்குக்குப் பதிலா உங்க கட்டடத்து அலாரத்தையே பதிவு பண்ணிப் போடுங்க. அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னே பாதிப் பேருக்குத் தெரியாது. அஞ்சு விநாடி முழுசாக் கேட்கட்டும், அப்புறம் தணிச்சு, குரலைக் கொண்டு வாங்க. போரடிக்காம இருக்கத் தெரிஞ்ச முகங்களே போதும். டீ கொண்டு வர்ற அண்ணன் ஒரு காட்சியில வந்தா எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பாங்க. குரல் கொடுக்கறவர் அவசரப்படக் கூடாது. நிமிஷத்துக்கு நூறு சொல்லுக்கு மேல போனா தமிழ்ல மூச்சு வாங்கும். எழுதினதை வாய்விட்டுப் படிச்சு கடிகாரத்துல பாருங்க.

பாதுகாப்பு அலுவலர், கப்பலூர்: ஈரத்துணியால மூக்கை மூடணும், தீயணைப்பானை எல்லா ஊழியரும் இயக்கணும். இந்த ரெண்டும் இல்லாத வீடியோ முழுமையானதா?

ஈரத்துணி கரித்துகளைக் கொஞ்சம் தடுக்கும். ஆனா புகையில ஆளைச் சாய்க்கிற கார்பன் மோனாக்சைடு அதுக்குள்ள தாராளமா நுழையும். துணி தேடி வாஷ்ரூமுக்குப் போற நேரத்துல ஒரு மாடி இறங்கிடலாம். அதை எடுத்துட்டு, "புகை இருந்தா குனிஞ்சு போங்க, கீழே காத்து கொஞ்சம் சுத்தமா இருக்கும்"னு ஒரு வரி வைங்க.

தீயணைப்பானைத் தனி வீடியோவாக்கி, பயிற்சி எடுத்தவங்களுக்கு மட்டும் காட்டுங்க. சின்ன சிலிண்டர் இருபது விநாடி தாங்கினாலே அதிகம். குப்பைத்தொட்டி அளவு தீயா இருக்கணும், முதுகுக்குப் பின்னால வெளியே போற வழி இருக்கணும். எல்லாரும் கையில எடுக்கணும்னு சொன்னா, வெளியே போக வேண்டிய ஆளை நீங்களே உள்ளே நிறுத்தி வெச்ச மாதிரி ஆகும்.

மில் மேனேஜர், திருமங்கலம்: எங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை டிரில் கட்டாயம்? பஞ்சு குடோன் வேற இருக்கு.

இங்கே பேச்சு ஆபீஸ் வீடியோ பற்றி. இருந்தாலும் சொல்றேன்: 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரமான கட்டடங்கள்ல முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு சொல்லுது. மில்லுக்குத் தொழிற்சாலை விதி வேற. உங்க பகுதி தொழிற்சாலை ஆய்வாளரையும் தீயணைப்பு நிலையத்தையும் நேர்ல கேளுங்க. பஞ்சுக்கு ஆபீஸ் வீடியோ ஒத்துவராது.

அட்மின், கே.கே. நகர்: எல்லாரும் கூடுற இடம்னு பைக் ஸ்டாண்டைக் காட்டியிருக்கோம். சரிதானே?

கேட்டுக்கு நேரா இருந்தா சரியில்லை. தீயணைப்பு வண்டி அந்த வழியாத்தான் உள்ளே வரணும். பைக்கை வெளியே எடுக்கறவங்களும் அங்கேதான் முண்டுவாங்க. கட்டடத்தை விட்டுத் தள்ளி, கண்ணாடி விழாத தூரத்துல ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்க. அங்கே ஒருத்தர் பேர்ப்பட்டியலோட நின்னு ஆள் எண்ணுறதை வீடியோவுல காட்டுங்க. சொல்லாம டீக்கடைக்குப் போயிட்டா, உள்ளே மாட்டிக்கிட்டதா நினைச்சு யாராவது தேடிப் போவாங்கன்னு குரல்ல தெளிவாச் சொல்லுங்க. 101, 112 ரெண்டு எண்ணும் திரையில இங்கே வரட்டும், வெளியே வந்த பிறகு பேசற மாதிரி.

எச்.ஆர்., எல்லிஸ் நகர்: வீடியோ வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்? கடைசியில வினாடி வினா வைக்கலாமா?

வைங்க, ஆனா அதுல எல்லாரும் பாஸாகிடுவாங்க. அடுத்த டிரில்ல ரெண்டே விஷயம் பாருங்க. அலாரம் அடிச்சதுலேர்ந்து ஒரு மாடியில கடைசி நாற்காலி காலியாக எவ்வளவு நேரம் ஆச்சு, பின்படியில எத்தனை பேர் இறங்கினாங்க. வீடியோவுக்கு முன்னாடி ஒரு டிரில், பின்னாடி ஒரு டிரில் நடத்தி ரெண்டையும் பதிவேட்டுல எழுதுங்க. நேரம் குறையலைன்னா முதல் காட்சியைத் திருத்தணும்.

மூணாவது மாடி ஊழியர், பெயர் வேண்டாம்: நான் வீல்சேர்ல வர்றேன். லிஃப்ட் வேண்டாம்னு சொல்ற வரியோட வீடியோ முடிஞ்சிடுது. நான் என்ன செய்யணும்?

நீங்க கேட்டது ரொம்பச் சரி. இதுக்கு எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துற ஒரே வரி என்கிட்ட இல்லை. கதவு போட்ட, புகை புகாத படிக்கட்டா இருந்தா அதன் மேடையில காத்திருந்து, கீழே இருக்கறவங்க தீயணைப்பு வீரர்கள்கிட்ட உங்க இடத்தைச் சொல்லலாம். திறந்த படிக்கட்டுன்னா அது ஆகாது. இறக்கிக் கொண்டு போற நாற்காலியும், அதைப் பழகின ரெண்டு பேரும் வேணும். உங்க கட்டடம் எதுன்னு பார்த்து, உங்களையும் வெச்சுப் பேசித்தான் முடிவெடுக்கணும். எச்.ஆர். மேடம், அந்த முடிவு வர்ற வரைக்கும் மூணாவது மாடி வீடியோவை வெளியிடாதீங்க.